ஜிங்க் பாஸ்பைடு வைத்த பிறகும் வரப்பில் எலி வளைகள் திறந்தே இருக்கின்றன: பிழை எங்கே?

வரப்போரம் (இழையைத் தொடங்கியவர்)

பயிர்ப் பாதுகாப்பு இறுதியாண்டு மாணவியான நான், கிராமத் தங்கல் பயிற்சிக்காக நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடைமடை ஊர் ஒன்றில் இருக்கிறேன். எனக்கு ஒதுக்கப்பட்ட விவசாயியின் 2 ஏக்கர் சம்பா நெல், தொண்டைக் கதிர் பருவத்தில் நிற்கிறது. வயலின் ஓரம் ஒரு முழம் அளவுக்குப் பசுமையாகவே இருக்க, நடுவில் மட்டும் பாய் விரித்தாற்போல் திட்டுத் திட்டாகத் தூர்கள் சாய்ந்து கிடக்கின்றன. தண்டின் அடியில் கத்தியால் சீவியது போன்ற சாய்வான வெட்டு தெரிகிறது. குறுக்கே நடந்து 50 குத்துகளை எண்ணியதில் 700 தூர்களில் 42 வெட்டுப்பட்டிருந்தன. அதாவது 6 சதவீதம்.

வரப்புகளில் 46 வளை வாய்களைக் கண்டேன். அனைத்தையும் மாலையில் சேறு வைத்து அடைத்துவிட்டு மறுநாள் காலை பார்த்தபோது 19 திறந்திருந்தன. அன்று மாலையே 192 கிராம் குருணை, 4 கிராம் கடலை எண்ணெய், 4 கிராம் ஜிங்க் பாஸ்பைடு என்று கலந்து, பத்து கிராம் பொட்டலங்களாகக் காகிதத்தில் மடித்து, குச்சியால் ஒவ்வொரு வளைக்குள்ளும் தள்ளினேன். மூன்றாம் நாள் மீண்டும் அடைத்துப் பார்த்தால் 15 வளைகள் திறந்திருக்கின்றன. மருந்து போலியானதா, நான் கலந்த அளவு தவறா என்று தெரியவில்லை. விவசாயி என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வரப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பூச்சியியல் மாணவன்

தோழி, அளவு சரிதான். 2 சதவீதம் என்பதுதான் பரிந்துரை. எலிகள் நஞ்சுக்குப் பழகி எதிர்ப்புத்தன்மை பெற்றுவிட்டன என்று நினைக்கிறேன். உடனடியாக அளவை 4 சதவீதமாகக் கூட்டி, அதே வளைகளில் மறுபடியும் வையுங்கள். முதல் முறை பாதி செத்ததை இரண்டாம் முறை முழுவதும் சாகடிக்கலாம்.

முன்னாள் களஅலுவலர்

தம்பி, அதை மட்டும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு வளையில் ஒருமுறை வைத்தவுடன் எதிர்ப்புத்தன்மை உருவாகிவிடாது. இங்கே நடந்திருக்கக்கூடியது வேறு. அதை நஞ்சுக் கூச்சம் என்போம். எலி புதிய உணவைக் கண்டால் முதல் இரவில் கொஞ்சமாகக் கடித்துப் பார்க்கும். ஜிங்க் பாஸ்பைடு வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவை வெளியிடுவதால் சில மணி நேரத்திலேயே வலி தொடங்கிவிடும். சாகும் அளவுக்குத் தின்னாத எலி, அந்த வலியையும் அந்தக் குருணையின் சுவையையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும். அதன் பிறகு நான்கு சதவீதம் வைத்தாலும் நாற்பது வைத்தாலும் தொடாது. அளவு கூடக்கூடச் சுவையும் நெடியும் இன்னும் கூடுமே தவிர, தின்னும் அளவு குறையும்.

அம்மா வரப்போரம், நீங்கள் கலந்தது சரி. அதற்கு முன் ஒரு படியைத் தவறவிட்டிருக்கிறீர்கள். நஞ்சு வைப்பதற்கு முன் இரண்டு மூன்று மாலைகள் நஞ்சில்லாத குருணையையும் எண்ணெயையும் 98-க்கு 2 என்ற அளவில் கலந்து, அதே மாதிரிப் பொட்டலத்தில், அதே இடத்தில் வைத்திருக்க வேண்டும். எலி அச்சம் விட்டு வயிறு நிறையத் தின்னப் பழகிய மறுநாள் மாலை நஞ்சுப் பொட்டலம் போக வேண்டும்.

ஆனால் இதையே காரணம் என்று முடிவு கட்டும் முன் ஒன்று கேட்கிறேன். நீங்கள் வைத்த 19 பொட்டலங்களும் என்ன ஆயின? அவற்றைத் தேடிப் பார்த்தீர்களா?

வரப்போரம்

நன்றி ஐயா. நான் திறந்த வளைகளை மட்டுமே எண்ணினேன், பொட்டலங்களைத் தேடவில்லை. இன்று காலை போய்ப் பார்த்தேன். 11 பொட்டலங்கள் வளை வாய்க்கு வெளியே தள்ளப்பட்ட மண்ணோடு கிடந்தன. புதிதாகத் தோண்டிய மண் குருணை குருணையாக ஈரமாக இருந்தது. அதற்குள் காகிதம் மடித்தது மடித்தபடியே புதைந்திருந்தது. அவற்றில் நான்கு நனைந்து கூழாகிவிட்டன, ஏனென்றால் வைத்த இரவே ஒரு மழை பெய்தது. 3 பொட்டலங்கள் ஓரத்தில் கிழிக்கப்பட்டுக் கொஞ்சம் சிந்தியிருந்தன. 5 பொட்டலங்களைக் காணவே இல்லை. செத்த எலி ஒன்றுகூட வெளியில் கிடைக்கவில்லை.

கடைமடைக்காரர்

மண்ணை வெளியே தள்ளி வாயை மூடிக்கொள்வது வரப்பெலியின் வேலை. அது வளைக்குள் எதைக் கண்டாலும் மண்ணோடு சேர்த்துத் தள்ளும். நாங்கள் பொட்டலத்தை வாயருகே வைக்க மாட்டோம். புது மண்ணை விலக்கிவிட்டு, ஒரு முழக் குச்சி போகுமளவு உள்ளே செலுத்தி, மேலே லேசாகப் புல் வைத்து மூடுவோம். மழை வானம் என்றால் அன்று மருந்தைத் தொடவே மாட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பருவத்தில் நஞ்சு வைத்துப் பலன் எதிர்பார்ப்பது கடினம். வயல் முழுவதும் இனிப்பான தண்டும் இளங்கதிரும் நிற்கும்போது எலி ஏன் உங்கள் குருணைக்கு வரப் போகிறது? எங்கள் ஊரில் இப்போது கிட்டிதான் வைக்கிறோம். மூங்கிலை வில்லாக வளைத்துக் கயிறு கட்டிய தஞ்சாவூர்க் கிட்டியில் வறுத்த அரிசியைத் தீனியாக வைத்து, எலித் தடத்தின் குறுக்கே அந்தியில் நட்டு விடியலில் எடுப்பார்கள். நஞ்சைக் கண்டு ஒதுங்கிய எலியும் அதில் விழும். அதற்கென்று கிட்டி கட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். பிடித்த எலிக்கு இவ்வளவு என்று கூலி.

முன்னாள் களஅலுவலர்

கடைமடைக்காரர் சொன்ன இரண்டும் உண்மை. இப்போது அந்தப் பொட்டலக் கணக்கை வைத்து நோயைப் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் திறந்த வளை என்ற ஒரே அறிகுறிக்கு இங்கே மூன்று காரணங்கள் இருக்கக்கூடும்.

தொடாமல் தள்ளப்பட்ட 11 பொட்டலங்களில் நனையாத 7 கிடந்த வளைகளில் எலி தீனியைச் சுவைக்கவே இல்லை. அங்கே கூச்சம் உருவாக வாய்ப்பில்லை. வைத்த முறையில்தான் குறை. நனைந்த 4 பொட்டலங்கள் தள்ளப்படாமல் இருந்திருந்தாலும் வீண்தான். ஈரத்தில் ஜிங்க் பாஸ்பைடு மெல்லச் சிதைந்து வீரியம் இழக்கும், பூண்டு போன்ற நெடியும் வரும். கிழிந்து சிந்திய 3 பொட்டலங்கள்தான் உண்மையான கூச்சத்துக்கு அடையாளம். கொஞ்சம் தின்று நோய்ப்பட்டு மீண்ட எலிகள் அங்கே இருக்கின்றன. காணாமல் போன 5 வளைகளில் எலி பெரும்பாலும் உள்ளேயே செத்திருக்கும். உங்கள் கணக்கில் 19 வளை 15 ஆகக் குறைந்திருப்பது ஏறத்தாழ இதோடு பொருந்துகிறது.

நான்காவதாக ஒன்றையும் மனதில் வையுங்கள். காணாமல் போன 5 வளைகளில் ஏதாவது ஒன்று மீண்டும் திறந்திருந்தால், அது பக்கத்து வயலிலிருந்து வந்து குடியேறிய எலியாக இருக்கலாம். 2 ஏக்கரில் மட்டும் வைத்துச் சுற்றிலும் வைக்காமல் விட்டால், காலியான வளை அதிக நாள் காலியாக இருக்காது. ஒவ்வொரு வளைக்கும் எண் எழுதிய குச்சி நட்டிருந்தால் இதை உறுதியாகச் சொல்லியிருக்கலாம்.

வளை வாயின் எண்ணிக்கையை எலியின் எண்ணிக்கையாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வரப்பெலி பெரும்பாலும் தனித்தே வாழும், குட்டி போட்ட தாய் மட்டுமே குட்டிகளோடு இருக்கும். ஆனால் ஒரே எலியின் வளைக்கு நான்கைந்து வாய்கள்கூட இருக்கும்.

பூச்சியியல் மாணவன்

ஐயா, என் கருத்தைத் திருத்தியதற்கு நன்றி. அப்படியானால் இப்போது புரோமாடையலோனுக்கு மாறுவதுதான் வழியா? அதற்குப் பழக்கத் தீனி வைக்கத் தேவையில்லை, கூச்சமும் வராது என்று படித்திருக்கிறேன். மெதுவாகக் கொல்வதால் மற்ற உயிர்களுக்கும் ஆபத்து இல்லை, இல்லையா?

முன்னாள் களஅலுவலர்

முதல் இரண்டும் சரி, மூன்றாவது தலைகீழ்.

புரோமாடையலோன் இரத்தம் உறைவதைத் தடுத்து, தின்ற பிறகு நான்கு முதல் எட்டு நாட்களில்தான் கொல்லும். நோய் வருவதற்கும் தின்றதற்கும் இடையே நாட்கள் இருப்பதால் எலி இரண்டையும் இணைத்துப் பார்க்காது. அதனால்தான் கூச்சம் வருவதில்லை. ஆனால் அதே நாட்களில் அந்த எலி நஞ்சைக் கல்லீரலில் சுமந்துகொண்டு தளர்ந்து நடமாடும், சில நேரம் பகலிலேயே வெளியே வரும். கூகைக்கு அதைவிட எளிதான இரை கிடையாது. ஜிங்க் பாஸ்பைடு எலியின் உடலில் அப்படித் தங்குவதில்லை என்பதால், இரையைத் தின்னும் பறவைக்கு அதன் ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு. நேரடியாகத் தின்னும் கோழிக்கும் மனிதனுக்கும் அதுவே மாற்று மருந்தில்லாத கொடிய நஞ்சு. புரோமாடையலோனுக்கு வைட்டமின் கே1 மாற்று மருந்தாக இருக்கிறது.

கலவையையும் சொல்லிவிடுகிறேன். கடையில் கிடைக்கும் 0.25 சதவீதத் தூளில் 20 கிராம், எண்ணெய் 20 கிராம், தானியம் 960 கிராம். 20 கிராம் தூளில் இருக்கும் நஞ்சு 50 மில்லிகிராம்தான். ஒரு கிலோ தீனியில் அது 0.005 சதவீதம் ஆகிறது. மாணவர்கள் பலர் தயாராக விற்கும் 0.005 சதவீதக் கட்டியையும் இந்தத் தூளையும் குழப்பிக்கொண்டு, கட்டியைப் பொடித்துத் தானியத்தில் கலந்துவிடுகிறார்கள். அப்போது நஞ்சு ஐம்பதில் ஒரு பங்காகிப் பயனே இல்லாமல் போகும்.

உங்கள் 3 கூச்ச வளைகளுக்காகக் குருணைக்குப் பதில் உடைத்த கோதுமையையும், கடலை எண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயையும் பயன்படுத்துங்கள். எலி ஒதுக்குவது நஞ்சை மட்டுமன்று, அதைச் சுமந்த தானியத்தையும் சேர்த்துத்தான். கையுறை அணிந்து கலக்கவும். மனித வாடை பட்டால் எலி தின்னாது என்பதற்காக அன்று, உங்கள் தோலுக்காக.

நெல்மூட்டை

நானும் இதே சிக்கலில்தான் இருக்கிறேன். எங்கள் அரிசி ஆலைக் கிடங்கில் மூட்டைகள் தினமும் கிழிகின்றன. நீங்கள் சொன்ன ஜிங்க் பாஸ்பைடுப் பொட்டலத்தை மூட்டை இடுக்குகளில் வைக்கலாமா? 19 பொட்டலம் போதுமா, கூட வேண்டுமா? காற்றுத் துளை வழியாகச் சிட்டுக்குருவியும் புறாவும் வந்து மூட்டை மேலேயே எச்சம் இடுகின்றன. அதற்கும் ஏதேனும் மருந்து உண்டா?

முன்னாள் களஅலுவலர்

ஐயா, தயவுசெய்து மூட்டை இடுக்கில் எந்த நஞ்சையும் வைக்காதீர்கள். சிந்திய தீனி மனிதர் உண்ணும் அரிசியோடு கலக்கும். இந்த இழையில் பேசுவது வரப்பில் வளை தோண்டும் எலி. உங்கள் கிடங்கில் இருப்பது பெரும்பாலும் உத்தரத்தில் ஏறி ஓடும் வீட்டெலி. அது வேறு இனம், வழியும் வேறு.

கிடங்கில் எலியைக் கொல்வதற்கு முன் அது எப்படி உள்ளே வருகிறது என்று பாருங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நின்றால், வெளி விளக்கின் ஒளி கதவுக்கு அடியில் எங்கே கசிகிறதோ அங்கேதான் வழி. 6 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தாலே சுண்டெலி நுழைந்துவிடும். கதவின் அடியில் ஒரு முழ உயரத்துக்குத் தகடு அடித்து, சுவரைத் தொடும் மரக்கிளையை வெட்டி, வடிகால் குழாய்க்கு வலை போடுங்கள். அடுக்குக்கும் சுவருக்கும் இடையே ஓர் ஆள் நடக்க இடம் விட்டால்தான் புழுக்கையையும் தடத்தையும் பார்க்க முடியும். உலர்ந்த தானியத்தின் நடுவே வாழும் வீட்டெலிக்குத் தண்ணீர் அவசியம் என்பதால், கிடங்குக்குள் சொட்டும் குழாயை நிறுத்துவதே பாதி வேலை. உள்ளே மிஞ்சியவற்றுக்குச் சுவரோரமாக எலிப்பொறி வைத்தால் போதும்.

பறவைகளுக்கு மருந்து என்ற பேச்சே வேண்டாம். காற்றுத் துளைகளுக்கு 2 சென்டிமீட்டருக்குக் குறைவான கண்ணுள்ள வலை அடித்தால் சிட்டுக்குருவியும் வராது, புறாவும் வராது. ஆனால் வலை அடிக்கும் முன் உள்ளே கூடும் குஞ்சும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.

வரப்போரம்

ஐயா, கூகை பற்றிச் சொன்னதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. நடவு முடிந்த மூன்றாம் வாரத்தில் வயலில் ஏக்கருக்கு ஆறு வீதம் பறவைத் தாங்கிகள் நட்டோம். ஆள் உயரக் கழியின் மேல் குறுக்குக் கட்டை வைத்தவை. அவற்றில் இரண்டின் அடியில் கட்டை விரல் பருமனில் கருத்த, மயிர் சுற்றிய உருண்டைகள் கிடந்தன. ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தபோது ஒரு முழு மண்டை ஓடும், மஞ்சள் நிற வெட்டுப் பற்களோடு இரண்டு கீழ்த்தாடைகளும் இருந்தன. கூகை வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இப்போது புரோமாடையலோன் வைத்தால் அதைத்தானே கொல்வேன்?

கடைமடைக்காரர்

தாங்கியை இப்போதே பிடுங்கிவிடுங்கள் தங்கச்சி. கூகைக்காக மட்டும் சொல்லவில்லை. இன்னும் பத்துப் பதினைந்து நாளில் கதிர் பால் பிடிக்கும். அப்போது பகலில் அந்தக் கட்டையில் உட்காருவது கூகை அன்று, சில்லைக் குருவிக் கூட்டமும் கிளியும்தான். பால் கதிரை அலகால் நசுக்கி உறிஞ்சிவிட்டுப் போகும்; கதிர் நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. நாமே அதற்கு நாற்காலி போட்டுக் கொடுத்தது போலாகும்.

மக்காச்சோளக் காடு, பெரம்பலூர்

எங்கள் பக்கம் எலியைவிடக் கிளிதான் தொல்லை. மக்காச்சோளத்தில் ஓர வரிசைகளில் தொடங்கி உள்ளே போகும். பளபளக்கும் நாடா கட்டினோம். முதல் வாரம் ஒரு கிளி வரவில்லை, மூன்றாம் வாரம் நாடாவின் மேலேயே உட்கார்ந்தது. நெல்லில் மட்டும் பயன் தருமா?

முன்னாள் களஅலுவலர்

நாடா எங்கே கட்டினாலும் அவ்வளவுதான். பறவைக்குப் பத்துப் பதினைந்து நாளில் பழகிவிடும். அதனால் நெல்லில் பால் பிடிக்கும் நாளுக்கு முன் கட்டவே கூடாது. முன்கூட்டிக் கட்டினால் தேவைப்படும் வாரத்தில் அது வெறும் காகிதம். ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளியுமான நாடாவை இரண்டு மூன்று முறுக்கு முறுக்கி, வடக்குத் தெற்காக, ஐந்து மீட்டர் இடைவெளியில், கதிருக்குச் சற்று மேலே கட்ட வேண்டும். அப்போதுதான் காலை மாலை வெயிலில் மின்னும், காற்றில் அதிர்ந்து ஒலிக்கும். மக்காச்சோளத்துக்கு எளிய வழி, ஓரத்து இரண்டு மூன்று வரிசைகளில் கதிரை அதன் பக்கத்து இலைகளாலேயே சுற்றிக் கட்டுவது. மேலேயிருந்து பார்க்கும் கிளிக்குக் கதிர் தெரியாது. கிளி சட்டப் பாதுகாப்பில் உள்ள பறவை என்பதையும் மறக்க வேண்டாம். தினைப்புனத்தில் பரண் கட்டித் தட்டையும் கவணும் வைத்துக் காத்தவர்களும் விரட்டத்தான் செய்தார்கள்.

தாங்கியைப் பிடுங்குவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. தொண்டைக் கதிர் முடியும் வரை அது இருக்கலாம், பூக்கத் தொடங்கியதும் எடுக்கலாம். ஆனால் புரோமாடையலோன் வைப்பதாக இருந்தால் அன்றே எடுத்துவிடுவதுதான் முறை. இரண்டையும் ஒரே வயலில் ஒரே வாரத்தில் வைப்பது, விருந்துக்கு அழைத்து நஞ்சிடுவதற்கு ஒப்பாகும். எந்த எலிக்கு எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். கூகை வரும் பகுதியில் கிட்டி, வராத கோடியில் நஞ்சு என்று பிரித்தும் பார்க்கலாம்.

கடைமடைக்காரர்

கூகை வராத கோடி என்று ஒன்று கிடையாது ஐயா. அது இரவு முழுக்க ஊரையே சுற்றும்.

பூச்சியியல் மாணவன்

வளைக்குள் வாயு மாத்திரை போட்டால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லையே? கடையில் கேட்டபோது தருவதாகச் சொன்னார்கள்.

முன்னாள் களஅலுவலர்

அலுமினியம் பாஸ்பைடு கட்டுப்படுத்தப்பட்ட நஞ்சு; பயிற்சி பெற்றவர்களும் அரசு வல்லுநர்களின் மேற்பார்வையும் இல்லாமல் அதைக் கையாளக் கூடாது. கடைக்காரர் தருகிறார் என்பது உரிமம் ஆகாது. வேலை செய்யுமா என்றால், நண்டு வளை குறுக்கிடும் கடைமடை வரப்பில் வாயு எந்தப் பக்கம் கசியும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேண்டாம் தம்பி.

வரப்போரம்

பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். தாங்கிகளைப் பிடுங்கிவிட்டோம். இரு பக்கத்து விவசாயிகளையும் சேர்த்துக்கொண்டு, 15 வளைகளுக்கும் எண்ணிட்ட குச்சி நட்டு, வாயருகே உள்ள புது மண்ணை விலக்கி, உடைத்த கோதுமையில் கலந்த புரோமாடையலோனைப் பதினைந்து கிராம் பொட்டலங்களாக உள்ளே ஆழமாக வைத்தோம். வானம் வெளுத்திருந்த மாலையாகப் பார்த்து வைத்தோம். நான்காம் நாளிலிருந்து கிட்டிக்காரர் இருவர் வந்து நான்கு இரவுகள் கிட்டி நட்டு 22 எலிகளைப் பிடித்தார்கள். வரப்பைச் சுற்றித் தினமும் காலையில் நடந்து, வெளியில் கிடந்த 3 செத்த எலிகளை ஆழமாகப் புதைத்தோம்.

இன்று அடைத்துப் பார்த்ததில் 6 வளைகள் மட்டும் திறந்திருக்கின்றன. அவற்றுள் 2, முதல் முறை பொட்டலம் கிழிந்து சிந்திய வளைகள். இப்போதும் அங்கே தீனி தொடப்படவில்லை. புது வெட்டு மிகக் குறைவு. ஆனால் கதிர் வந்துவிட்டதால் சேதம் நின்றது நஞ்சாலா கிட்டியாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கடைமடைக்காரர்

கிட்டியால்தான்.

முன்னாள் களஅலுவலர்

22 எலியும் உங்கள் 2 ஏக்கருக்குள் பிடிபட்டனவா, பக்கத்து வயல்களிலுமா என்பதைக் கிட்டிக்காரரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அது தெரியாமல் நானும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தொடாத அந்த 2 வளைகளில் கூச்சம் தானியத்தோடு நிற்காமல் பொட்டலத்தின் காகிதத்தையே அடையாளம் கண்டிருக்கலாம் என்ற ஐயம் எனக்கு உண்டு. அடுத்த முறை அங்கே காகிதம் இல்லாமல், மூங்கில் குழாய்க்குள் தீனியை வைத்துப் பாருங்கள்.

உண்மையான நேரம் இனிமேல்தான் வருகிறது. வரப்பெலி கதிர் வரும் பருவத்தில் இனம் பெருக்கும், கருக்காலம் ஏறத்தாழ மூன்று வாரம். அறுவடை முடிந்ததும் அந்த 6 வளைகளையும் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை எலி, குட்டி உண்டா, பதுக்கி வைத்த கதிர் எத்தனை கிலோ என்று குச்சி எண்ணோடு குறித்துக்கொண்டு இங்கே எழுதுங்கள். அடுத்த பருவத்தில் நடவுக்கு முன்பே வரப்பின் மேலகலத்தை ஒன்றரை அடிக்குள் செதுக்கி, நட்ட 30 நாளுக்குள், வயலில் வேறு தீனி இல்லாதபோது பழக்கத் தீனியோடு ஊரே சேர்ந்து வைத்தால், ஜிங்க் பாஸ்பைடே போதும் என்பது என் அனுபவம்.

வரப்போரம்

கேட்டுவிட்டேன் ஐயா. 22-இல் 9 மட்டும்தான் எங்கள் வயலில் பிடிபட்டவை. வளை வெட்டுவது தை மாதக் கடைசியில்; மண்வெட்டியோடு நானும் போகிறேன்.